அரை டம்ளரில் நின்ற அறிக்கைச் சுருக்கம்

எங்கள் எம்.டி. ஹரி சார் ஓர் அறிக்கையை எவ்வளவு நேரம் படிப்பார் என்று கேட்டால், ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் என்பதுதான் சரியான பதில். இடது கையில் டம்ளர், வலது கையில் காகிதம், ஜன்னலோரம் நின்றபடி படிப்பார். தண்ணீர் தீர்ந்ததும் காகிதத்தைக் கீழே வைத்து முடிவைச் சொல்வார். கடைசி மடக்குக்குக் கீழே எழுதியிருப்பது இந்த உலகத்தில் எழுதப்படாதது மாதிரிதான். ஒரு முறை மூன்றாவது மடக்கில் பிவண்டி குடோனை மூடினார். இன்னொரு முறை அவருக்குப் புரையேறி நாலு நிமிஷம் இருமினதில் ஐந்தாவது பத்தி வரைக்கும் போய்விட்டார். அந்தப் பத்தியில் பேர் இருந்த ஸ்டோர்ஸ் குமாஸ்தா இன்றைக்கு ஜெனரல் மேனேஜர். நான் எதையும் கூட்டிச் சொல்கிற ஆளில்லை.

செம்பூரில் பம்பு செய்கிற கம்பெனி எங்களுடையது. உள்தணிக்கைப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்து ஓய்வு பெற்ற பிறகும், பழைய கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பது எனக்கு மட்டும் தெரியும் என்பதால் காண்ட்ராக்டில் வைத்திருக்கிறார்கள். பிரிவின் தலைவி பானுமதி மேடம், மாட்டுங்காக்காரர், சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட். சிரித்து நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று பல்வலி என்று பிறகு தெரிந்தது.

இந்த வருஷம் கொள்முதல் பிரிவைத் தணிக்கை செய்தோம். அறிக்கை தொண்ணூற்றாறு பக்கம். கிங்ஸ் சர்க்கிள் காய்கறிக்காரர் தராசில் வைத்தேன், இரண்டு கிலோ முந்நூறு கிராம். அதன் தலைமாட்டில் எம்.டி.க்கென்று ஒரு பக்கச் சுருக்கம் வைக்க வேண்டும். எதைப் பார்த்தோம், என்ன கண்டோம், எவ்வளவு அபாயம், யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும், எல்லாம் அந்த ஒரு பக்கத்துக்குள். தொழிலாளர்களுக்கான தோல் கையுறையும் ஏப்ரனும் தாராவியிலிருந்து வாங்குகிறோம். மேடம் எழுதியிருந்த வரைவின் முதல் வரி அதைப் பற்றித்தான்:

'கையுறைக்கு விலை தரும் மூன்று விற்பனையாளர்களுக்கும் ஒரே முகவரி, ஒரே தொலைபேசி எண். மூவரின் விலைக் கடிதங்களும் ஒரே எழுத்துரு, ஒரே தேதி. கூட்டுச் சேர்ந்து விலை தந்ததாகச் சந்தேகம். அபாயம்: அதிகம்.'

முதல் மடக்கு. மூன்று பட்டறைகளும் கறுப்புப் பட்டியலில் போய்விடும். மூன்றுக்கும் நாங்கள்தான் பெரிய வாடிக்கை. நாற்பது தையல் மிஷின் நின்றுவிடும்.

கொள்முதல் மேனேஜர் கணேசபாண்டியன் என்னை லிஃப்ட் பக்கம் ஒதுக்கினார். எங்கள் ஊர்ப்பக்கம்தான், திசையன்விளை.

"அண்ணாச்சி, முதல் வரி நல்லா இருக்குன்னு கேள்விப்பட்டேன். அப்படியே இருக்கட்டும்."

"உமக்கு என்னவே அதுல சந்தோசம்?"

"அந்த மூணு பட்டறையும் டம்ளருக்கு மேல இருந்தா, நான் டம்ளருக்கு அடியில கெடப்பேன்லா."

அவர் பேர் நாலாவது பத்தியில் இருந்தது. புது விற்பனையாளரைப் பதிவு செய்யும் படிவத்தில் 'இடத்தை நேரில் பார்த்தாயிற்று' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாருக்கும் அதில் டிக் போட்டிருந்தது. எல்லா டிக்கும் ஒரே பேனா.

நான் மேடத்திடம் போய் நின்றேன்.

"என்ன வெயிலுமுத்து சார்?"

"மேடம், அந்த முகவரிக்கு நாம போயிருக்கோமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாஃப்ட்வேர் ஒரே முகவரி என்று சிவப்பு காட்டியது, நாங்கள் எழுதிவிட்டோம். கணேசபாண்டியன் போட்ட அதே டிக்கை நாங்கள் கொஞ்சம் நல்ல ஆங்கிலத்தில் போட்டிருந்தோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

"வண்டி சொல்லுங்கோ" என்றார்.

தொண்ணூறடி ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் சந்து. உள்ளே போகும்போது மூச்சை விட வேண்டும், வெளியே வந்த பிறகுதான் இழுக்க வேண்டும். நான் அங்கேயே வளர்ந்தவன், அதனால் இப்போதும் பக்கவாட்டில் நடந்தால்தான் எனக்கு நிம்மதி. மேடம் ஃபைலைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்.

சந்து முடிகிற இடத்தில் ஒரே கதவு எண்ணோடு ஒரு கட்டடம். கீழே ஒரு ஜெராக்ஸ், டைப்பிங் கடை. அதற்கு மேல் மூன்று மாடி, மாடிக்கு ஒரு பட்டறை, ஏற இரும்பு ஏணி. மேடம் புடவையைச் செருகிக்கொண்டு மூன்று மாடியும் ஏறினார். மூன்று மின்சார மீட்டர், மூன்று ஜி.எஸ்.டி. சான்றிதழ், மூன்று வங்கிப் புத்தகம், மூன்று விதமான தையல். எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"மூணு பேரும் தனித்தனிதான். ஆனா லெட்டர் ஒண்ணா இருக்கே?"

கீழ்க் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். பேர் ஷைஸ்தா, மேலப்பாளையம்.

"இந்தச் சந்துல எல்லாக் கொட்டேசனும் நான்தான் அடிக்கிறேன்மா. நூத்தி நாப்பது பட்டறை. அவுங்கள்லாம் மிசின்ல இருப்பாங்க, போன் எடுக்க மாட்டாங்க. அதனால என் நம்பரைப் போட்டுட்டேன். தபாலும் இங்கதான் வரும்."

"மூணும் ஒரே தேதியில?"

"உங்க ஆபீஸ்லேருந்து மூணு பேருக்கும் ஒரே நாள்லதான கேக்குறாங்க?"

மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தணிக்கைக்காரர் உட்கார்ந்துவிட்டால் கேள்வி இனிமேல்தான் ஆரம்பிக்கிறது என்று அர்த்தம்.

"அப்போ மூணு பேர் ரேட்டும் உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"கண்ணு இருக்குல்லா."

"யார்கிட்டயும் சொன்னதில்லையா?"

"இல்ல."

"மூணாவது மாடி ஜெயினுலாப்தீன் யாரு உங்களுக்கு?"

"எங்க வீட்டுக்காரவுக."

கடைக்குள் ஜெராக்ஸ் மிஷின் ஒரு காகிதத்தைத் துப்பியது. நான் என் செருப்பைப் பார்த்தேன். நாற்பது தையல் மிஷினும் என் மனசுக்குள் ஒவ்வொன்றாக நின்றன. தணிக்கையில் இதைவிடக் கெட்ட பதில் கிடையாது. போட்டியாளர் மூவரின் விலையும் ஒருவர் கையில், அந்த ஒருவர் போட்டியாளரின் மனைவி.

மேடம் ஃபைலைப் பிரித்து ஒரு பட்டியலை எடுத்தார். நிதானமாக விரலால் கோடு கோடாக இறங்கினார். மேலேயிருந்து கீழே, திரும்பவும் மேலேயிருந்து கீழே. பிறகு என்னிடம் நீட்டினார். வருஷத்தில் இருபத்தாறு தடவை விலை கேட்டிருக்கிறோம். ஜெயினுலாப்தீனுக்கு ஆர்டர் கிடைத்தது நாலு தடவை. பதினோரு தடவை ஜோடிக்கு இரண்டு ரூபாய்க்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றிருக்கிறார்.

அந்தப் பதினோரு கடிதத்தையும் அவர் மனைவிதான் அடித்திருக்கிறாள். இரண்டு ரூபாய் குறைத்தால் கிடைத்துவிடும் என்று தெரிந்தே அடித்திருக்கிறாள்.

நான் ரயில் கூரையில் உட்கார்ந்து ஏழு பேர் சீட்டாடினதைப் பார்த்தவன். மித்தி ஆறு தான் அடித்துக்கொண்டுபோன எருமையைத் திருப்பிக் கொண்டுவந்து அதே கட்டுத்தறியில் விட்டதைப் பார்த்தவன். எதற்கும் வாய் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்த வாயை மூட ஏணியிலிருந்து ஜெயினுலாப்தீன் இறங்கி வர வேண்டியிருந்தது.

"பாய், உம்ம வீட்டம்மாவுக்கு எல்லா ரேட்டும் தெரியுமே. ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றேன்.

"அவகிட்ட உயிரைக் கேட்டாக் குடுத்துருவா அண்ணாச்சி. ரேட்டைக் கேக்க முடியாது."

"கல்யாணம் ஆன புதுசுல ஒரு நாள் கேட்டாக" என்றாள் ஷைஸ்தா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சரி, உங்க ரேட்டையும் அவுங்களுக்குச் சொல்லிரவான்னேன். அதோட விட்டுட்டாக."

மேடம் என்னிடமிருந்து பட்டியலை வாங்கி ஃபைலில் வைத்தார். எழுந்து நின்றார். சந்திலிருந்து வெளியே வரும்வரை ஃபைலைத் தலையில் வைக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார்.

திரும்புகிற வழியில் மாட்டுங்காவில் ஓர் ஓட்டலில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். காபி ஆறியது. எனக்கு இருந்த அவசரத்தில் நானே சொல்லிக் கொடுத்தேன்: "கூட்டுச் சேரவே இல்லைன்னு போட்டுருங்க மேடம்."

"அப்படிப் போட முடியாது, சார். ஆதாரம் கிடைக்கலைன்னுதான் போடலாம். மூணு பேரும் முறை வச்சு மாத்தி மாத்தி ஜெயிச்சிருக்காளான்னு பார்க்கணும், வெளி ரேட்டோட ஒத்துப் பார்க்கணும்."

இரண்டு நாள் அதைத்தான் செய்தோம். முறை எதுவும் தெரியவில்லை. வெளியே வேறு மூன்று இடத்தில் விசாரித்த விலையைவிட நாங்கள் வாங்குகிற விலை நூற்றுக்கு ஆறு குறைவாக இருந்தது. அப்புறம்தான் மேடம் மறுபடி பேனாவைத் தொட்டார். எழுதியது ஆங்கிலத்தில். தமிழில் இவ்வளவுதான்:

'பதிவில் உள்ள 212 விற்பனையாளர்களின் இடத்தையும் நேரில் பார்த்ததாகக் கொள்முதல் பிரிவு குறித்திருக்கிறது. பார்த்ததற்குப் பதிவு இருப்பது 9 பேருக்கு. அபாயம்: அதிகம். இதே பிழையை எங்கள் முதல் வரைவிலும் செய்திருந்தோம். தாராவியின் மூன்று பட்டறைகளும் கூட்டுச் சேர்ந்ததாக நேரில் போகாமலே சந்தேகித்தோம். நேரில் போனதில் மூன்றும் தனித்தனி. கூட்டுச் சேர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் மூன்று விலைகளும் ஒரே தட்டச்சாளர் கையைக் கடந்து வருகின்றன. போட்டியாளர்களில் ஒருவர் அவருடைய கணவர். இருபத்தாறில் இருபத்திரண்டு முறை தோற்றவர். இதுவரை விலைகளின் ரகசியத்தைக் காத்தது ஒரு பெண்ணின் வாய்க்கட்டு, நம் விதிமுறை அல்ல. பரிந்துரை: விலைகள் ஒட்டிய கவரில் வர வேண்டும், இருவர் முன்னிலையில் பிரிக்க வேண்டும். 203 இடங்களையும் நேரில் பார்க்க வேண்டும். பொறுப்பு: கொள்முதல் மேனேஜர். கெடு: தொண்ணூறு நாள்.'

"மேடம், நம்ம பிழையை நாமே எழுதணுமா?" என்றேன்.

"எழுதலைன்னா, நானும் டிக் போட்டவதானே."

திங்கட்கிழமை பதினொரு மணி. எம்.டி. ஜன்னலோரம் நின்றார். மேடமும் நானும் கணேசபாண்டியனும் சுவரோரம். முதல் வரி மாறினது தெரியாத கணேசபாண்டியன் பியூனிடம் சொல்லி டம்ளரைச் சின்னதாக மாற்றியிருந்தார். எனக்கு அது தெரியும். ஏனென்றால் அதற்கு முன்னால் நான் அவனிடம் சொல்லிப் பெரிதாக மாற்றியிருந்தேன். நடுவில் பியூன் குழம்பிப்போய் வழக்கமான டம்ளரையே வைத்துவிட்டான்.

முதல் மடக்கு. இரண்டாவது மடக்கு. கணேசபாண்டியனின் நெற்றியில் வியர்வை. மூன்றாவது மடக்குக்கு டம்ளர் உதடு வரைக்கும் போனது.

அங்கேயே நின்றது.

ஹரி சார் எம்.டி.யாக இருக்கிற இருபத்திரண்டு வருஷத்தில் அந்த டம்ளர் பாதி வழியில் நின்று நான் பார்த்ததில்லை. ஏ.சி. சத்தம்கூட நின்றது. கரண்ட் போனதால் என்று பிறகு சொன்னார்கள், நான் நம்பவில்லை. எம்.டி. டம்ளரை மேசையில் வைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து படிப்பார் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி.

"இருபத்திரண்டு தடவையா?"

"ஆமா சார்" என்றார் மேடம்.

"அந்தம்மா வாயே திறக்கலையா?"

"எங்ககிட்ட திறந்தா. ரேட்டைப் பத்தி இல்லை."

எம்.டி. கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு தொண்ணூற்றாறு பக்கத்தையும் கொண்டுவரச் சொன்னார். நான் போய்த் தூக்கிவந்தேன். மூன்று மணி நேரம் படித்தார். ஓரத்தில் பச்சை மையில் எழுதினார்: 'மூன்று பட்டறைகளும் தொடரட்டும். பரிந்துரைகள் ஏற்கப்படுகின்றன. முதல் விஜயத்துக்கு நானும் வருகிறேன்.' பிறகு கணேசபாண்டியனைப் பார்த்து, "நீங்க செம்பூர்லதானே இருக்கீங்க? தாராவி எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"ஆறு கிலோமீட்டர் இருக்கும் சார்."

"தொண்ணூறு நாள்ல போயிடலாம் இல்லே?"

எம்.டி. வந்தார். சந்துக்குள் மூச்சை விட்டுவிட்டு நடந்தார். ஷைஸ்தாவின் கடை வாசலில் செருப்பைக் கழற்றினார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. அவள் வேலையாக இருந்ததால் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் கோயிலில் நிற்கிற மாதிரி நின்றுவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த முறையிலிருந்து விலைக் கடிதங்கள் ஒட்டிய கவரில் வந்தன. அதே ஷைஸ்தா கடையில்தான் அடித்தார்கள், கவரும் அங்கேயே வாங்கி ஒட்டினார்கள். ஒரு கவருக்கு ஐந்து ரூபாய் கூடுதலாக வாங்கினாள். மேடமும் கணேசபாண்டியனும் என் முன்னால் பிரித்தார்கள்.

ஜெயினுலாப்தீன் ஒரு ரூபாயில் தோற்றிருந்தார்.