ஒற்றைக் கோடு

மச்சானின் கால் குழாய்க்குள் மாட்டிக்கொண்டபோது மணி மூன்று இருபத்தைந்து. நான்கு மணிக்கு மலை மேலே மதகைத் திறப்பார்கள். திறந்த கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அந்தக் குழாயை விளிம்பு வரை நிறைத்துக்கொண்டு வரும்.

மச்சான் என்றால் என் அக்கா புருஷன். இருவருக்கும் ஒரே கம்பெனியில் குழாய் பராமரிப்பு வேலை. ஆறடி உயரக் குழாய், ஆள் நிமிர்ந்து நடக்கலாம். உள்ளே வளைவு தாண்டி நாற்பது அடியில் குப்பை தடுக்கும் இரும்புச் சட்டம் இருக்கிறது. அதன் மறையாணி துருப்பிடித்துக் கழன்று, சட்டம் அப்படியே அவர் பூட்ஸின் மேல் சாய்ந்துவிட்டது. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். கடப்பாரைதான் வளைந்தது.

"மாப்ள, நீ இங்க நின்னு ஒண்ணும் ஆகப்போறதில்ல. மேல போய் மதகுக்காரருக்கு போன் அடி" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

மதகுக்காரர் பதினொரு கிலோமீட்டர் மேலே மலையில் இருக்கிறார். வண்டியில் போனால் முக்கால் மணி நேரம். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: வேலை இழுத்தால் மட்டும் போன் பண்ண வேண்டும். போன் வரவில்லை என்றால் முடித்துவிட்டோம் என்று அர்த்தம். ஏழு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. இதை யோசித்த புத்திசாலி யாரென்று தெரிந்தால் இப்போது அவனைத்தான் குழாய்க்குள் தள்ளுவேன்.

குழாய் வாய்க்கு மேலே தடுப்புச் சுவர். அதன் ஒரு மூலையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு வட்டம் இருக்கும். நான் போட்டதுதான். எங்கள் போனில் ஒரு கோடு சிக்னல் வருவது அந்த இடத்தில் மட்டும். எங்கள் கம்பெனி இருப்பது நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம், சிம்மும் அந்த நாட்டு சிம். அந்த நாட்டு டவர் மலை இடுக்கு வழியாக இந்த மூலைக்கு மட்டும் எட்டிப் பார்க்கும். எல்லோரும் அந்த வட்டத்தில் நின்றுதான் போன் பேசுவோம், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

வட்டத்தில் போய் நின்றேன். ஒரு கோடு இருந்தது. அடித்தேன். 'அழைக்கிறது' என்று பத்து விநாடி காட்டிவிட்டு அறுந்தது. மறுபடி அடித்தேன், மறுபடி அறுந்தது. மெசேஜ் போட்டால் 'அனுப்ப முடியவில்லை' என்று சிவப்பாக நின்றது. போனை அணைத்துப் போட்டேன். அதே ஒரு கோட்டோடு சமர்த்தாக எழுந்து வந்தது. மணி மூன்று நாற்பத்தி நான்கு.

பயத்தில் கத்தினேன். எதைக் கத்தினேன் என்று நினைவில்லை. பக்கத்து மீட்டர் அறையிலிருந்து, நாங்கள் மீட்டர் அக்கா என்று கூப்பிடுகிறவர் ஓடி வந்தார். தண்ணீர் மட்டம் பார்க்கும் மீட்டர்களுக்குள், அளவை டவர் வழியாக அனுப்பும் மோடம் பொருத்துவது அவர் வேலை. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகமும் வெளுத்தது. அவர் போனும் கம்பெனி போன்தான். அதிலும் அதே ஒற்றைக் கோடு.

"கோடு இருக்குக்கா! இருந்தும் போக மாட்டேங்குது!"

"அந்தக் கோடுதான்டா கெடுக்குது" என்று என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "டவர் பெருசு, கத்துறது இங்க வரைக்கும் கேக்குது. உன் போன் சின்னது, இது பேசுறது அங்க கேக்கல. ஆனா அது காதுல விழுற வரைக்கும் சொந்த நெட்வொர்க்க இது விடாது. இந்த ஊர் டவர் அதோ தெரியுது பாரு, அதத் திரும்பிக்கூடப் பாக்காது. என் மோடமெல்லாம் இதே கூத்துதான் பண்ணுது."

மரங்களுக்கு மேலே சிவப்பு வெள்ளையில் ஒரு டவர் நின்றது. தினமும் பார்க்கிறேன். அது நமக்கானது இல்லை என்று நினைத்திருந்தேன்.

"அப்ப அந்தக் கோடே இல்லாத பள்ளத்துக்குப் போயிருந்தா?"

"கொஞ்ச நேரம் தேடிட்டு அதுவே மாறியிருக்கும். நீ வட்டம் போட்டு நின்னுட்ட."

செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க்கைத் திறந்தார். 'தானாகத் தேர்ந்தெடு' என்ற பொத்தானை அணைக்கப் போய் விரலை நிறுத்தினார். "தேட ஆரம்பிச்சா இருக்குற கோடும் போயிடும். ரெண்டு மூணு நிமிஷம் யாருக்கும் அடிக்க முடியாது. என்ன சொல்ற?"

என்னைக் கேட்கிறார். என் சொந்த அக்காவின் வாழ்க்கை ஒரு பொத்தானில் வந்து நிற்கிறது, அதை என்னைக் கேட்கிறார். ஒரு கோட்டையாவது கையில் வைத்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது. தெரிந்தேதான் சொன்னேன், அமுத்துங்கக்கா என்று.

கோடு மறைந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. மூன்று நாற்பத்தி எட்டு. மூன்று நாற்பத்தி ஒன்பது. சுவரை இறுக்கிப் பிடித்ததில் நகம் பெயர்ந்ததுகூட அப்போது தெரியவில்லை. மூன்று ஐம்பத்தி ஒன்றில் மூன்று பெயர்கள் வந்தன. முதலாவது எங்களுடையது. மீட்டர் அக்கா இரண்டாவதை அமுக்கினார். 'இணைக்கிறது' என்று இழுத்தடித்துவிட்டு, 'இந்த நெட்வொர்க்கில் அனுமதி இல்லை' என்றது.

"போச்சு" என்றேன்.

"வாய மூடு. இவனுக்கும் நம்ம கம்பெனிக்கும் ஒப்பந்தம் இல்ல, அவ்வளவுதான். இன்னொருத்தன் இருக்கான்ல." மூன்றாவதை அமுக்கினார்.

மூன்று ஐம்பத்தி ஐந்து. திரையின் மூலையில் நான்கு கோடுகள் எழுந்து நின்றன.

"சிம்மோட நாட்டு நம்பரையும் முன்னாடி சேத்து அடி" என்று போனை நீட்டினார். அவசரத்தில் ஒருமுறை தப்பாக அடித்தேன். அடுத்த முறை மணி போனது. நாலாவது மணியில் எடுத்தார்.

"திறக்காதீங்க! மச்சான் உள்ள இருக்கார், கால் மாட்டிக்கிச்சு, திறக்காதீங்க!"

அந்தப் பக்கம் இரும்பில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது.

"கை மதகுச் சக்கரத்துலதான்டா இருக்கு" என்றார் மதகுக்காரர். அவர் குரல் கிழிந்து வந்தது. "மேகம் கட்டுது, சீக்கிரம் திறக்கட்டுமான்னு கேக்க உனக்கு நாலு வாட்டி அடிச்சேன். தொடர்பு கிடைக்கலன்னு சொல்லிச்சு. சரி, முடிச்சிட்டுக் கிளம்பிட்டீங்கன்னு பூட்டைக் கழட்டிட்டேன். ஐயோ, பூட்டைக் கழட்டிட்டேன்டா."

பூட்டைத் திரும்பப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, நாங்கள் கூப்பிடும்வரை தொடமாட்டேன் என்று தன் பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினார். ஜாக்கியோடு ஆள் அனுப்பச் சொல்லி ஆபீஸுக்கும் அடித்தேன். அதுவும் போனது. சுவரோரம் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். மீட்டர் அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார். என்னென்னவோ பேசினோம். தண்ணீர் குடித்தோம்.

திடீரென்று அவர் என் தோளைப் பிடித்தார். "உள்ள சொல்லிட்டியா?"

மணி நான்கு ஒன்பது.

படிகளில் விழுந்து எழுந்து ஓடினேன். வளைவு தாண்டி டார்ச் அடித்தேன். மச்சான் சட்டத்தைக் கட்டிப் பிடித்தபடி, கண்ணை இறுக்கி மூடி, முகத்தைச் சுவரோடு வைத்து நின்றார். என் பூட்ஸ் சத்தம் குழாயில் இடிப்பதைக் கேட்டு அவர் உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது. அது தண்ணீர் வரும் சத்தம் என்று நினைத்துவிட்டார்.

"மச்சான்! நான்தான்! திறக்கல, திறக்க மாட்டாங்க!"

கண்ணைத் திறக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. கைக் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்ப பேசுன?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நாலுக்கு முன்னாடியே" என்றேன்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, தன் நெற்றியை என் தோளில் முட்டிக்கொண்டு நின்றார்.

"உன் அக்காகிட்ட எல்லாம் சொல்லி, விடையும் வாங்கிட்டேன்டா, மனசுக்குள்ளயே" என்றார். "இனி வீட்டுக்குப் போய் அவ மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?"

ஜாக்கி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அதுவரை நான் அவரை விட்டு நகரவில்லை.