விரலின் மேல் இருந்த உதடு

"ஒட்டின முகம்ன்னா தெரியாதா எனக்கு?" என்று சிவதாணு கேட்டார். "வாட்ஸப்புல எத்தனை பாத்திருக்கேன். முகம் மட்டும் தனியா மிதக்கும். இது மிதக்குதா? நீங்களே பாருங்க."

யாரும் பார்க்க முன்வரவில்லை. ஏற்கெனவே எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

கொல்லயிலில் அமிர்தாவின் வீட்டு முன்னறை. நிச்சயத் தட்டுகள் பாயில் அப்படியே இருந்தன. மாப்பிள்ளை அகிலேஷின் அப்பாதான் சிவதாணு. காஞ்சிரங்குளத்திலிருந்து இரண்டு வண்டியில் ஆட்களோடு வந்திருந்தார். மோதிரம் மாற்றப்போகும் நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து அவர் ஃபோனுக்கு ஒரு வீடியோ வந்து விழுந்தது. 'இவளுக்குக் கல்யாணம் ஆயாச்சு' என்று அடியில் எழுதியிருந்தது.

சின்னக் கோயில். பச்சைப் பட்டுச்சேலையில் அமிர்தா. ஓர் ஆணின் தோளும் கையும் மட்டும் தெரிகின்றன. அந்தக் கை அவளுக்கு மாலை போடுகிறது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"விளக்கு வெளிச்சம் கன்னத்துல அடிக்குது பாத்தீரா? வாயப் பொத்துதா, விரல் முன்னால நிக்குது, உதடு பொறத்த போவுது. ஒட்டினதுன்னா இப்பிடி போவுமா?"

"மாமா, அது நான் இல்ல," என்றாள் அமிர்தா. இதோடு மூன்றாம் முறை. "எனக்கு இந்தக் கோயிலே தெரியாது."

"அப்ப இது ஆரு? உனக்கு இரட்டை பிறந்தவளா?"

அகிலேஷ் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அமிர்தா அம்மாவின் பக்கம் திரும்பினாள். சரசம்மா மகளின் கையைப் பிடித்து, யாருக்கும் கேட்காது என்று நினைத்துக் கேட்டாள்:

"எப்ப மக்கா போன? என்கிட்ட பறஞ்சிருக்கலாம்லா?"

அமிர்தா கையை உருவிக்கொண்டாள். 

மூலையில் டிவிக்குப் பக்கத்தில் ஜிஜா மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். பாறசாலை ரயில் நிலையத்தின் பக்கம் பிஜு வைத்திருக்கும் ஸ்டுடியோவில் அவள் எடிட்டர். எடுத்ததைச் சுடச்சுட வெட்டி, சாப்பாட்டுக்கு முன் வீட்டு டிவியிலேயே போட்டுக் காட்டுவது அந்த ஸ்டுடியோவின் வழக்கம். அதற்காகத்தான் வந்திருந்தாள். சிவதாணுவின் ஃபோன் கைமாறிக் கைமாறி அவளிடமும் வந்தது.

முகத்தை அவள் அடையாளம் காணவில்லை. தாடைக்குக் கீழே இருந்த நிழலைத்தான் கண்டாள். கறுப்பாக இல்லாமல் கொஞ்சம் காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. அந்த நிறத்தைப் போட்டது அவள் கை.



போன வாரம்தான். சஜன் என்று பெயர் சொல்லி ஒருவன் ஸ்டுடியோவுக்கு வந்தான். "கல்யாண வீடியோ சேச்சி. வைஃபுக்க முகம் ஆட்டத்துல மங்கிப் போச்சு. அவளுக்க வேற வீடியோலருந்து எடுத்து, முகம் மாத்துத ஒரு ஆப்புல போட்டு வச்சேன். ஒட்டி வச்சது போல நிக்குது."

"நிக்கத்தானே செய்யும்," என்று ஜிஜா சிரித்தாள். "இந்த முகம் பகல்ல சன்னல் பக்கம் எடுத்தது, நீலம் அடிக்குது. கோயில்ல விளக்கு, எல்லாம் மஞ்ச. பொறவு, இருட்டுல ஃபோன்ல எடுத்த படத்துல பொடிப்பொடியா புள்ளி ஓடும். சேலையில ஓடுது, சுவர்ல ஓடுது, முகத்துல மட்டும் ஓடல்ல. மாவு தேச்ச மாதிரி வழுவழுன்னு கெடக்கு. தாடையில பாரும், கத்தரி வச்சு வெட்டினது போல ஒரு கோடு."

"சரியாக்க ஒக்குமா?"

"ஒக்கும். வச்சிட்டுப் போ. அந்தத் தோளு ஆரு, நீயா?"

"நானாக்கும்," என்று அவன் வெட்கப்பட்டான்.

அதில் சந்தேகப்பட என்ன இருந்தது? கண் மூடிய மணப்பெண்ணுக்கு வேறு படத்திலிருந்து கண் திறந்த முகம் வைப்பது எந்த ஸ்டுடியோவிலும் நடக்கிற வேலை. ஜிஜா மணிக்கணக்காக உட்கார்ந்தாள். தாடைக்கோடு திரை முழுக்க நிறையும் அளவுக்குப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ஓரத்தை உள்பக்கம் கொஞ்சம் இழுத்து, கழுத்தின் தோலோடு கரைய விட்டாள். அதிகம் கரைத்தால் புகை படிந்தது போல் ஆகிவிடும், அளவு பார்த்தாள். முகத்தின் நீலத்தைக் குறைத்து மஞ்சள் ஏற்றினாள். மூக்கின் கீழும் தாடையின் கீழும் இருந்த கறுப்பு கோயில் சுவரின் கறுப்பைவிடக் கனமாக இருந்தது, அதைக் காப்பித்தூள் நிறத்துக்குத் தளர்த்தினாள். கடைசியாக, சேலையில் ஓடிய அதே பருமனில் புள்ளிகளை முகத்திலும் ஓட விட்டாள். ஃப்ரேமுக்கு ஃப்ரேம், தனிப்படத்துக்குத் தனிப்படம், மாறும் புள்ளி. மாறாமல் நின்றால் கண்ணாடியில் அழுக்கு ஒட்டினது போல் தெரியும். பிறகு முழுப் படத்துக்கும் ஒரே நிறச்சாயம்.

பிஜு எட்டிப் பார்த்து, "கொள்ளாம் கேட்டியா! பெத்த தள்ளைக்கே தெரியாது," என்றிருந்தான்.

பெற்ற தாய்க்குத் தெரியவில்லை. இதோ.

ஜிஜா எழுந்தாள். கேமராவோடு நின்ற பிஜு அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு அருகில் வந்தான்.

"மிண்டாத. பேசாம இரி அங்க."

"அண்ணா, அது நாம செஞ்சதாக்கும்."

"தெரியும். நான் அப்பவே பாத்தாச்சு. வாயத் தொறந்தா நாளைக்கு ஒரு கல்யாணத்துக்கு நம்மள எவன் விளிப்பான்?"

ஜிஜா அவனைப் பார்த்தாள். அந்த வீடியோவைக் கண்டபோதுகூட இவ்வளவு அதிரவில்லை.

"அது நான் செஞ்சது," என்று உரக்கச் சொன்னாள். "என் கையால செஞ்சது."



"என்னது?" என்றார் சிவதாணு.

"அந்த வீடியோவாக்கும். ஒட்டிக் கொண்டுவந்தான், ஒட்டினது தெரியாம ஆக்கினது நான். சஜன்னு ஒரு ஆளு."

"சஜனா?" சரசம்மா நெஞ்சில் கைவைத்தாள். "போன வருஷம் பெண்ணு கேட்டு வந்தான். இவ வேண்டாம்ன்னுட்டா."

"எல்லாரும் இந்த டிவியப் பாருங்க." ஜிஜா டிவியின் வயரை மடிக்கணினியில் செருகினாள். அந்த வேலை இன்னும் மடிக்கணினியில் இருந்தது. கோயிலும் பச்சைச் சேலையும் டிவியில் பெரிதாக வந்தபோது யாரோ "அய்யோ" என்றார்கள்.

"இது இப்ப உங்க ஃபோன்ல உள்ளது. நான் போட்டத ஒவ்வொண்ணா எடுக்குதேன். மொதல்ல மொத்தச் சாயமும் புள்ளியும்."

முகம் சட்டென்று மெழுகாகிவிட்டது. சுற்றிலும் இருட்டு பொரிந்துகொண்டிருக்க, கன்னம் மட்டும் கழுவி வைத்த தட்டுபோலப் பளபளத்தது.

"இனி முகத்துக்க நிறம்."

மஞ்சள் கழன்றது. விளக்கின் முன் நின்ற பெண்ணின் முகத்தில் மழைநாள் வெளிச்சம்.

"நான் இன்ஸ்டாவுல போட்ட ரீல்," என்றாள் அமிர்தா மெல்ல. "எங்க வீட்டு சன்னல். இந்த சன்னலு!"

"இனி ஓரம்."

தாடையில் கோடு விழுந்தது. நெற்றியில் விழுந்தது. முகம் மிதந்தது. ஒரு சின்னப் பெண் அழத் தொடங்கினாள். அவளை உள்ளே கொண்டுபோனார்கள்.

சிவதாணு வியர்வையைத் துடைத்தார். ஆனால் விடவில்லை. "பிள்ளே, நீ சாமர்த்தியக்காரி. நல்லதை ஒட்டினது போல ஆக்கவும் உனக்குத் தெரியும்லா? பெண்ணு வீட்டுக்காரன் விளிச்சு வந்தவ நீ. இந்தக் கோட்டை நீ இப்ப வரைஞ்சதில்லன்னு எப்பிடி நம்ப?"

 நியாயமான கேள்வி. கரைக்கத் தெரிந்த கைக்குக் கீறவும் தெரியும்.

அப்போது அமிர்தா டிவியின் அருகே போனாள். "சேச்சி, இதுல கை வருமே. அங்க என்ன செஞ்சீங்க?"

"கையா?" ஜிஜா நிமிர்ந்தாள். "அந்தக் கையைத் தனியா வெட்டி, முகத்துக்கு மேல வச்சேன். ஒவ்வொரு ஃப்ரேமா. ஆப்புக்குக் கையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. அதையும் எடுக்கட்டா?"

"எடுங்க."

வீடியோ மெல்ல ஓடியது. பச்சைச் சேலைக்காரியின் கை உயர்ந்தது. வாயருகே வந்தது. விரல்கள் வாயைத் தொட்ட இடத்தில் மறைந்துபோயின. அமிர்தாவின் உதடு அந்த விரல்களின் மேலே உட்கார்ந்து சிரித்தது. முனை இல்லாத விரல்கள் உதட்டின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன.

"சாமி!" என்று சிவதாணு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"இன்னும் ஒரு ஃப்ரேம் உண்டு." ஜிஜா வீடியோவைக் கொஞ்சம் பின்னால் இழுத்தாள். "கை மூடின நேரத்துல ஆப்புக்கு முகம் தட்டுப்படல்ல. அந்த ஒரு ஃப்ரேம் மட்டும் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு, பக்கத்து ஃப்ரேமை எடுத்து மூடினேன்."

மூடியதை எடுத்தாள். நிறுத்தினாள்.

டிவியில் வேறொரு பெண் இருந்தாள். விளக்கு வெளிச்சத்தில், பாதி வாய் மூடி, யாரையோ பார்த்துக் கண்ணால் சிரித்துக்கொண்டு. முகத்தின் மேல் விளக்கின் மஞ்சள். முகத்தின் மேல் அதே புள்ளிகள். ஒரு கோடும் இல்லை.

யாருக்கும் அவளைத் தெரியவில்லை.

"இதை நீ அன்னைக்கே பாக்கல்லியா?" என்று சரசம்மா கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. "வேற பெண்ணு நிக்குதே மக்களே."

"பாக்கல்லம்மா. நான் முகத்தப் பாக்கல்ல. ஓரத்தத்தான் பாத்தேன்."

சிவதாணு தொண்டையைச் செருமினார். "சரி. தப்பு எங்க பக்கம். மோதிரத்த எடு அகிலேஷ். நேரம் போவல்ல."

அகிலேஷ் எழுந்தான். "அமிர்தா, நான் அப்பவே நம்பல்ல..."

"அப்பிடி எப்ப சொன்ன?"

அவன் மீண்டும் பாதத்தைப் பார்த்தான்.

"நான் மூணு தடவை சொன்னேன்," என்றாள் அமிர்தா. "ஒருத்தரும் கேக்கல்ல. விரலு சொன்னதும் கேட்டீங்க. மோதிரம் அங்க இருக்கட்டும். சேச்சி, இந்த லேப்டாப்ப தூக்கிட்டு வாறீங்களா? போலீஸ் ஸ்டேஷனுக்குப் போணும்."

"வாறேன்."

"ஜிஜா!" என்றான் பிஜு. "உன் பேரும் எழுதுவாங்க கேட்டியா."

"எழுதட்டும் அண்ணா. உங்க பேரையும் சொல்லுவேன்."

சரசம்மா வாசல் வரை ஓடிவந்தாள். "மக்கா, நானும் வாறேன்." அமிர்தா வேண்டாம் என்று சொல்லவில்லை; வா என்றும் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறி, ஜிஜாவுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். சரசம்மா வாசலில் நிற்க, வண்டி கிளம்பியது.

தென்னந்தோப்பு தாண்டியது. அமிர்தா தன் ஃபோனுக்கும் வந்திருந்த அந்த வீடியோவை மறுபடி ஓட விட்டாள். ஒட்டியது தெரியாதது, ஜிஜா சரியாக்கியது.

"பாக்காத மோளே. அணைச்சு வை."

"சேச்சி, ஒண்ணு சொல்லட்டா? அம்மாவ குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல்ல." அவள் ஃபோனை அணைக்கவில்லை. பச்சைச் சேலையின் வெளிச்சம் அவள் முகத்தில் அடித்தது. "மொதல்ல இதப் பாத்தப்ப, ஒரு நிமிஷம்... இந்தச் சேலைய நான் எங்க வச்சேன்னு யோசிச்சேன்."