பாதி எச்-பார்

திருத்தும் கூடத்தில் விடைத்தாள் கட்டுக்கு முடிச்சுப் போட்ட பிறகுதான் தற்காலிக விரிவுரையாளரான அவளுக்குத் தன் தவறு உறைத்தது.

ஏழாம் கேள்வி, பத்து மதிப்பெண். நிச்சயமின்மைத் தொடர்பை மட்டும் வைத்து ஹைட்ரஜன் அணுவின் அளவையும் அடிநிலை ஆற்றலையும் மதிப்பிட வேண்டும். எலக்ட்ரானைச் சிறிய இடத்தில் அடைத்தால் அதன் உந்தம் சிதறி இயக்க ஆற்றல் ஏறும். கருவின் ஈர்ப்போ உள்ளே இழுக்கும். இரண்டின் கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைகிறதோ, அதுவே அணுவின் அளவு. இடப்பரவலையும் உந்தப்பரவலையும் பெருக்கினால் எச்-பார், அதாவது பிளாங்க் மாறிலியை இரண்டு பையால் வகுத்தது, என்று விடைக்குறிப்பு எடுத்துக்கொண்டது. 0.53 ஆங்ஸ்ட்ராம், மைனஸ் 13.6 எலக்ட்ரான் வோல்ட் வந்தது.

ஒரு பிள்ளை பாடப்புத்தகத்தில் உள்ளபடி பாதி எச்-பார் எடுத்திருந்தது. ஆரம் கால்பங்காகி 0.13, ஆற்றல் நாலு மடங்காகி மைனஸ் 54.4. கீழே ஒரு வரி: 'உண்மை மதிப்பு 13.6 என்று தெரியும். என் கணக்கில் வரவில்லை.' அதற்கு அவள் சுழியம் போட்டிருந்தாள். அடுத்த தாளும் பாதியில்தான் தொடங்கியது. கடைசி வரியில் மட்டும் 13.6 எங்கிருந்தோ வந்து குதித்திருந்தது. அதற்குப் பத்து.

பொய்க்குப் பத்து, மெய்க்குச் சுழியம். கேள்வியையும் விடைக்குறிப்பையும் எழுதியவர் தலைமைத் தேர்வாளர். அடுத்த ஆண்டு அவளுக்கு வேலை நீடிக்க அவர் கையெழுத்துதான் வேண்டும். வாயை மூடிக்கொண்டு போனால் யாருக்கும் தெரியாது, கடவுளைத் தவிர. அந்த ஒருவரை நினைத்துத்தான் எழுந்து தலைமைத் தேர்வாளர் மேசைக்குப் போனாள்.

"சார், ஏழாவது கேள்வில நான் தப்பா திருத்திட்டேன்."

"கட்டு கட்டியாச்சேம்மா."

"பாதி எச்-பார் எடுத்தா 54.4 தான் சார் வரும். இது தோராய மதிப்பீடு. பத்தின் எந்த அடுக்குங்கிறதுதான் சரியா வரணும், முன்னால இருக்கிற எண்ணை நிச்சயமின்மைத் தொடர்பு சொல்லாது. முறை சரின்னா மார்க் போடணும்ல."

அவர் பென்சிலை எடுத்து அட்டையின் பின்புறம் தாமே போட்டுப் பார்த்தார். பின்னால் யாரோ, ரயிலைக் கோட்டை விடப்போகிறோம் என்று முணுமுணுத்தார். அவர் இன்னொரு முறை போட்டார். அதே 54.4.

"எச்-பார்தான் வேணும்னு நான்தானே கேள்வியில எழுதியிருக்கணும்," என்றார் மெல்ல. அறிக்கைத் தாளில் 'தவறு செய்தவர்' என்ற கட்டத்துக்கு வந்ததும் அவள் பேனா பிடித்த விரல்களைப் பார்த்தார். பிறகு அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதினார். ஏழாம் கேள்வியை மறுபடி திருத்த எல்லாக் கட்டுகளையும் பிரிக்கச் சொன்னார்.

கூடமே அவளை முறைத்தது. பக்கத்து மேசைக்காரி மட்டும் கையை நீட்டினாள்.

"உன் கட்டுல பாதி குடு. சீக்கிரம் முடிப்போம், மகராசி."

இவள் முதலில் அந்தச் சுழியம் போட்ட தாளைத் தேடி எடுத்து, சுழியத்தைக் கோடிட்டு அடித்தாள்.