மூடி போட்ட ஷன்ட்

"பாத்தீங்களா, ஏறுது!" என்று முலாம்காரர் குதிக்காத குறையாகக் கத்தினார்.

ஏறத்தான் செய்தது. அவர் முலாம் பூசுவதற்காக நாங்கள் செய்த ரெக்டிஃபையர், அதாவது ஏசி கரண்டை டிசியாக்கும் மெஷின், ஒரு மணி நேரம் ஐநூறு ஆம்பியர் கொடுக்க வேண்டும், அதில் ஐந்து கூடக்குறைய இருக்கலாம், அதுதான் நிபந்தனை. பாதி நேரம்கூட ஆகவில்லை, அவருடைய மீட்டர் ஐநூற்று ஒன்பதைக் காட்டியது.

முலாம்காரர் லேசுப்பட்டவரில்லை. தங்கை புருஷன் செய்து கொடுத்த மெஷினையே இப்படி மீட்டரைக் காட்டித் திருப்பி அனுப்பியவர். அன்றோடு மச்சானுடன் பேச்சுவார்த்தை கிடையாது. இந்த ஆர்டரும் கைநழுவினால் நாங்கள் பட்டறையை மூட வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் வேலைக்கு மனுப் போடவே ஆரம்பித்துவிட்டார்.

"நம்ம மீட்டர் ஐநூறுலயே நிக்குதே!" என்றார் அவர், பரிதாபமாக.

"அது நிக்கத்தான் செய்யும். அது சொல்றதை வச்சுத்தானே மெஷினே ஓடுது? அது பொய் சொன்னாலும் ஐநூறுதான் காட்டும்," என்றேன்.

"நீயே இப்படிச் சொன்னா எப்படி?" என்று பல்லைக் கடித்தார். உண்மையைச் சொல்லாமல் வேறு என்ன சொல்வதாம்?

இவ்வளவு பெரிய கரண்டை எந்த மீட்டருக்குள்ளும் நேராக விட முடியாது. வழியில் ஷன்ட் என்று ஒரு தடித்த உலோகத் துண்டை வைப்போம். அதன் இரு முனைக்கும் நடுவே விழும் துளி வோல்ட்டேஜை அளந்தால் கரண்ட் தெரிந்துவிடும். அந்தத் துண்டின் தடை மாறாத வரை எல்லாம் சரி. ஆனால் ஓடுகிற கரண்டே அதைச் சுட வைக்கும். சூட்டில் தடை மாறினால் கணக்கு கோணலாகிவிடும்.

அங்கே ஷன்ட் இரண்டு. எங்கள் மெஷினுக்குள் ஒன்று, வெளியே அவர் கொண்டுவந்தது ஒன்று. இரண்டில் ஒன்று புளுகுகிறது. எது?

எங்களுடையதை வாங்கிய அன்று வீட்டில் பெரிய ரகளை. "ஐநூறு ஆம்பியர் மெஷினுக்கு ஆயிரம் ஆம்பியர் ஷன்டா? குருவிக்கு யானைக் கூண்டா?" என்று என்னை ஓட்டியெடுத்தார் வீட்டுக்காரர். பாதி கரண்டில் ஓட்டினால் சூடு, அது தாங்கக்கூடியதில் கால்வாசிதான். கிடைக்கும் வோல்ட்டேஜும் பாதியாகும், அதை நான் சமாளித்துக்கொள்கிறேன் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கினேன்.

மேஜை விசிறியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மெஷின் கதவைத் திறந்து முதலில் எங்கள் ஷன்ட் மேலேயே காற்றைத் திருப்பினேன். சூட்டில் அது மாறியிருந்தால், ஆறும்போது மெஷின் கொடுக்கும் கரண்டும் மாறும். அவர் மீட்டரில் அது தெரியும்.

மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். ஐநூற்று ஒன்பது. கொஞ்ச நேரம் போனது. அதே ஒன்பது! எனக்குக் கூத்தாட வேண்டும்போல் இருந்தது.

"இப்ப உங்களோடது, அண்ணே!"

அவருடைய ஷன்டில் எழுதியிருந்தது ஐநூறு. விளிம்பு வரை ஓட்டுகிறார். போதாக்குறைக்கு, யார் கையும் படக்கூடாதென்று அதற்குக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டி செய்து மூடி வைத்திருந்தார். சூட்டுமானியைக் காட்டினால் நூறு டிகிரியைத் தாண்டியது.

"மூடியைக் கழட்டாதேம்மா! நானே பாத்துப் பாத்துச் செஞ்சது!"

கழற்றியாயிற்று. விசிறி சுழன்றது. ஐநூற்று எட்டு. ஆறு. நான்கு.

"எறங்குதுடி!" என்று என் வீட்டுக்காரர் அந்நிய மனிதர் எதிரிலேயே என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

இரண்டு. ஒன்று. மெஷினை யாரும் தொடவில்லை.

"நல்ல ஷன்டா இருந்தா இவ்வளவு ஏறாது. உங்களோடது மட்டமான உலோகம், சூடு ஏற ஏறத் தடையும் ஏறுது. அதுக்கு மேல மூடி வேற," என்றேன். "இனி பெருசா வாங்குங்க, காத்தாட வைங்க. இதே ஷன்ட்தானே உங்க பட்டறையிலயும்? இப்படி ஏறினா அங்க என்ன செய்வீங்க?"

"மீட்டர் ஏறினா ஆளுங்க கரண்டைக் குறைப்பாங்க," என்றார், குரல் இறங்கி.

"ஏறாத கரண்டைக் குறைச்சா?"

"மத்தியானத்துக்கு மேல முலாம் மெலிசா விழும். மெஷின்தான் மோசம்னு மச்சானை..." அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மீதி நேரமும் ஓடி முடிந்தது. விசிறிக் காற்றில் அவர் மீட்டர் ஐநூற்று ஒன்றைத் தாண்டவேயில்லை. ஆர்டர் எங்களுக்குத்தான் என்று கையைப் பிடித்துச் சொன்னார். என் வீட்டுக்காரர் அந்தக் கையை விடுவதாகவே இல்லை, நான்தான் இழுத்துவிட்டேன்.

வாசல் வரை போனவர் திரும்பி வந்து அந்தப் பிளாஸ்டிக் மூடியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இன்னும் அதை மாட்டப் போறீங்களா, அண்ணே?" என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"இல்லம்மா. தங்கச்சி வீட்டுக்குப் போறேன். மச்சான்கிட்ட என்னன்னு பேச்சை ஆரம்பிக்கிறது? இதைத்தான் காட்டணும்."