மூணு ஓட்டை சார்ஜர்

மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. லேப்டாப்போடு வந்த சார்ஜரை ஆபீஸ் மேசையிலேயே போட்டுவிட்டு வருவார்கள். அந்தச் செங்கல்லை யார் சுமப்பது? பங்காருபேட்டை தாண்டினால் நிற்கவே இடமிருக்காது. பையைத் தோளில் மாட்டினால் முன்னால் நிற்பவர் முறைப்பார், கையில் பிடித்தால் கை மரத்துப் போகும். பையில் அரைக் கிலோ குறைந்தால் அரைப் பிறவி குறைந்த மாதிரி.

இந்துவும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை சார்ஜரை மேசையில் விட்டுவிட்டு ரயிலேறினாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆன்லைன் பரீட்சை இருக்கிறது என்பது நினைவில் இருந்தது. சார்ஜர்தான் நினைவில் இல்லை. வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

சாதாரணப் பரீட்சையா அது? இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவது முறையும் போனால் அவ்வளவுதான், மறுபடி எழுத விடமாட்டார்கள். தேறினால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிரிவுக்கு மாற்றம். ஏழு வருஷமாக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் அந்த ரயிலில் நின்றவளுக்கு இது வேலை சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. விடுதலை.

கணவன் ரவிகுமார்தான் கை கொடுத்தான். தன் மூணு ஓட்டை சார்ஜரைக் கொண்டுவந்து காட்டினான். உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளைக் கட்டி. “உன் ஆபீஸ் சார்ஜரும் அறுபத்தஞ்சு வாட். இதுவும் அறுபத்தஞ்சு வாட். இன்னா வித்தியாசம்?” என்றான். அவளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. படுக்கையறைப் பிளக்கில் கை வைத்தால் பொறி பறக்கும். எலக்ட்ரீஷியன் வருகிறேன் வருகிறேன் என்று மூன்று மாதமாக வந்துகொண்டே இருக்கிறார். அதனால் ஹால் பிளக்கில் சார்ஜரை மாட்டி, நீள வயரைக் கதவிடுக்கு வழியாக அறைக்குள் விட்டார்கள். நடு ஓட்டையில் செருகினால் வயர் கதவுக்கு நேராக விழுந்தது. சனிக்கிழமை ராத்திரியே போட்டுப் பார்த்தாள். ஜோராக ஏறியது. ஒற்றை ஆளாகச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, பந்தியிலும் இப்படித்தான் கிடைக்கும் என்று நம்பிவிட்டார்கள்.

பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனி என்கிற கண்காணிப்பாளர் எந்த ஊரிலிருந்தோ கேமரா வழியாக அறை முழுவதையும் சுற்றிக் காட்டச் சொல்லி, கட்டிலுக்கு அடியிலும் பார்த்தார். பிறகு விதிகள் திரையில் வந்தன. ஒன்றரை மணி நேரம் நாற்காலியை விட்டு எழக் கூடாது. வாய் திறக்கக் கூடாது. கை மேசைக்குக் கீழே போகக் கூடாது. உள்ளே யாரும் வரக் கூடாது. மீறினால் பரீட்சை ரத்து. தன் வீட்டிலேயே தன்னைச் சிறை வைக்கக் காசு கட்டியவள் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்தேகாலுக்கு முதல் சங்கதி. திரையின் மூலையில் சார்ஜ் அடையாளம் அணைந்து, ஒரு நொடி கழித்து மறுபடி வந்தது. வெளியே வண்டி கிளம்பும் சத்தம். ரவிகுமார் கறி வாங்க ஆண்டர்சன்பேட்டைக்குப் போகிறான். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போகிறான் என்று புரிந்தது. போகட்டும், மூணு ஓட்டை இருக்கிறதே. ஐந்து நிமிஷத்தில் இன்னொரு முறை அணைந்து வந்தது. இது மாமியார் பாக்கியவதியின் போன். காலி ஓட்டையைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. இந்த முறை அடையாளத்தோடு ஒரு வரியும் வந்தது: சார்ஜர் போதவில்லை.

பேட்டரி தொண்ணூற்றேழு. கேள்வி படித்துவிட்டுப் பார்த்தால் தொண்ணூற்று நாலு. பழைய லேப்டாப், பேட்டரி நிறைந்திருந்தாலும் ஐம்பது நிமிஷம் தாங்கினால் பெரிது.

அப்போதுதான் சார்ஜர் அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்த கட்டம் நினைவுக்கு வந்தது. படித்திருந்தாள், மண்டையில் ஏற்றவில்லை. அறுபத்தைந்து என்பது மூன்றுக்கும் சேர்த்த மொத்தக் கணக்கு. ஒன்று மட்டும் செருகினால் அதற்கே முழுசும். மேல் ஓட்டையும் நடு ஓட்டையும் என்றால் மேலதற்கு நாற்பத்தைந்து, நடுவுக்கு இருபது. மூன்றும் என்றால் மேலதற்கு அதே நாற்பத்தைந்து, மற்ற இரண்டும் சேர்ந்து பதினைந்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்; மிச்ச ஐந்து எங்கே போனது என்று பெட்டி சொல்லவில்லை. போனுக்கே அது அரைகுறை. லேப்டாப்புக்கு அது பல்லுக்குக்கூடக் காணாது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மேல் ஓட்டையில் ரவிகுமாரின் போன் இருந்தது; அவன் எப்போதும் அதில்தான் செருகுவான். அது பத்தோ பதினைந்தோ குடிக்கும். நிறைந்துவிட்டால் அதுவும் குடிக்காது. ஆனாலும் அதன் பேரில் ஒதுக்கிய நாற்பத்தைந்தை அந்தச் சார்ஜர் வேறு யாருக்கும் தராது. பங்கு ஓட்டைக்குத்தான், பசிக்கு அல்ல. வயரை மேல் ஓட்டைக்கு மாற்றினால் போதும், பிழைத்துவிடலாம். கதவுக்கு அந்தப் பக்கம் நாலு அடி தூரம். நாலு அடியும் கடக்க முடியாத நாலு அடி. கூப்பிட்டால் ரத்து, எழுந்தால் ரத்து, சும்மா இருந்தால் லேப்டாப் அணைந்து ரத்து. இருதலைக் கொள்ளிக்குள் அகப்பட்ட எறும்புக்காவது ஓடிப் பார்க்கும் சுதந்திரம் இருந்தது. இவளுக்கு அதுவும் இல்லை.

திரை வெளிச்சத்தைக் குறைத்தாள். எழுத்து மங்கியது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள். அறுபது. நாற்பத்தொன்று. முதுகில் வியர்வை இறங்கியது; மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. தெரிந்த கேள்விகளுக்கே விடை தப்பித் தப்பி வந்தது. பதினோரு மணிக்குப் பேட்டரி இருபது. ரவிகுமார் வந்துவிடுவான், வந்ததும் போனை எடுப்பான் என்று வண்டிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டினாள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைக் கும்பல் அவனை விடுவதாக இல்லை. மணி பதினொன்று எட்டு ஆனபோது பேட்டரி ஏழு.

இருபத்திரண்டு நிமிஷம் பாக்கி. அழுகை வந்தது. அழுதாலும் கேமரா என்ன நினைக்குமோ என்று அதையும் விழுங்கினாள்.

அப்போது ஹாலில் போன் அடித்தது. பாக்கியவதி அதை வயரிலிருந்து பிடுங்கிப் பேசத் தொடங்கினார். சார்ஜ் அடையாளம் அணைந்தது, ஒரு நொடி, இரண்டு நொடி, வந்தது. மூன்று இரண்டானதும் சார்ஜர் பங்கைத் திருத்திக்கொண்டது. நடு ஓட்டைக்கு இருபது. மங்கின திரைக்கு அது போதும். ஆறுக்கு இறங்கிய பேட்டரி ஆறிலேயே நின்றது.

பூதிகோட்டையிலிருந்து மாமியாரின் தங்கை. இந்த இருவர் பேச ஆரம்பித்தால் சோறு பொங்கி வடிந்து ஆறிவிடும். ஏழு வருஷமாக மாமியாரின் வாய் எப்போது ஓயும் என்று ஏங்கியவள், இன்று அது ஓயக் கூடாதே என்று குலதெய்வத்தை வேண்டினாள்.

வேண்டுதல் பலித்தது. காதில் விழுந்ததுதான் குத்தியது. முதலில் பரீட்சையைப் பற்றிய நக்கல், மூச்சு விடக்கூட உத்தரவு வாங்கணுமாம் என்று. பிறகு குரல் தணிந்தது. ஆனால் சாத்திய கதவு மெல்லிசு.

“இவ பாஸாயிட்டா நாள் பூரா வூட்லதான் இருப்பா. என் வூட்டுக்காரு மைன்ஸ்ல ஷிஃப்டு பார்த்து வாங்கின வூடு. இப்போ ஹால்ல டிவி போடக்கூட பயந்துகினு கீறேன். நாளைக்கி என்னைத் தெருவுல நிறுத்தினாலும் கேக்க ஆளில்ல.”

இந்துவின் விரல் விசைமேல் நின்றுவிட்டது. நான் அப்படியா செய்வேன் என்று கோபம் வந்தது. கோபப்பட நேரமில்லை. எட்டுக் கேள்வி பாக்கி.

அந்தச் சமயம் பார்த்து ஆனியின் செய்தி திரையில் குதித்தது. அறைக்கு வெளியே பேச்சுச் சத்தம் கேட்கிறது. நிறுத்தச் சொல்ல ஒரே ஒரு முறை அனுமதி. உங்கள் மொழியிலேயே சொல்லலாம், பதிவாகும். வேறு எதைப் பேசினாலும் வெளி உதவி கேட்டதாக எடுத்துக்கொள்ளப்படும். சத்தம் தொடர்ந்தால் பரீட்சை ரத்து.

ஒரு வாக்கியம். பேசாதீங்க என்று சொன்னால் மாமியார் போனை வைத்துவிடுவார். வைத்தால் மறுபடி சார்ஜில் செருகுவார், அவர் கை சும்மா இருக்காது. ஆறு சதவீதம் மூணு நிமிஷத்தில் தீரும். சார்ஜில் போடாதீங்க என்று சொன்னால் அது விதிமீறல். பேச்சு நிற்கவும் வேண்டும், போன் அவர் கையைவிட்டு இறங்கவும் கூடாது. என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. மாமியார் காதில் அது எப்படி விழும் என்பதும் தெரிந்தது. ஆனாலும் சொன்னாள்.

“அத்தை, தெருவுக்குப் போய்ப் பேசுங்க.”

ஹாலில் பேச்சு சட்டென்று நின்றது.  பிறகு செருப்பைத் தேய்க்கும் சத்தம், வாசல் கேட் திறக்கும் சத்தம். சார்ஜ் அடையாளம் அசையவே இல்லை. ஆனி மேற்கொண்டு எதுவும் எழுதவில்லை. எட்டுக் கேள்வியையும் முடித்து, பதினொன்று இருபத்தொன்பதுக்கு அனுப்பினாள். சக்கரம் சுற்றியது. தேர்ச்சி என்று வந்தது. பேட்டரியில் ஐந்து பாக்கி.

மேசையில் தலையைக் கவிழ்த்து இரண்டு நிமிஷம் அழுதாள். அப்புறம்தான் மாமியார் நினைவு வந்தது.

ஹால் காலியாக இருந்தது. ரவிகுமாரின் போன் நூறைத் தொட்டுவிட்டு மேல் ஓட்டையைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. அதைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தாள். வாசலுக்கு ஓடினாள்.

பாக்கியவதி கேட்டுக்கு வெளியே, எதிர் வரிசை வீட்டுச் சுவரோரம் வெயிலில் நின்றிருந்தார். போன் காதில் இல்லை, கையில் இருந்தது. முந்தானையைத் தலையில் போட்டிருந்தார். பேசி முடித்தாயிற்றா என்று இந்து கேட்டாள்.

“அது அப்பவே ஆஃப் ஆயிடுச்சிமா. சார்ஜு ஏறல.”

“அப்புறம் ஏன் அத்தை வெயில்ல நின்னுகினு கீறீங்க?”

“போகச் சொன்னே. வரச் சொல்லலியே.”

இந்து சொல்ல ஆரம்பித்தாள். ஓட்டை மூணு, மொத்தம் அறுபத்தைந்து, மேலே நாற்பத்தைந்து, கீழே பதினைந்தைப் பாதி பாதி, உங்கள் போன் திரும்ப ஏறினால் என் லேப்டாப் அணைந்துவிடும், அதனால்தான். கை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அத்தனையும் நிஜம். அத்தனையும் அவள் காதுக்கே சாக்குப்போக்காகக் கேட்டது. பாக்கியவதி ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டார். கணக்கில் குற்றம் சொல்லவில்லை.

“பாஸா?” என்றார்.

“பாஸ், அத்தை.”

“அப்போ இனிமே வூட்லதான்.”

“ஆமா.”

நல்லது என்று தலையசைத்தார். மெதுவாகத் தெருவைக் கடந்து வந்தார். முப்பது வருஷமாகச் செருப்போடு உள்ளே போய் மூலையில் கழற்றுகிறவர், இன்று படிக்கு வெளியிலேயே கழற்றி, இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்தார். நிமிர்ந்து மருமகள் முகத்தைப் பார்த்தார்.

“உள்ள வரலாமா?”

இந்து வழியை விட்டு விலகி நின்றாள்.