பளிச்சு துடைத்த ஷாக்

எங்கள் பட்டறைக்கு வரும் ஒரு டாக்ஸிக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் பளிச்சு. காரைத் துடைக்க உட்கார்ந்தால் பெண்டாட்டி கூப்பிட்டாலும் காதில் விழாது. அந்தக் காரின் முன்பக்கம் ஊளையிட்டது. சக்கரத்துப் பேரிங் என்றேன், மாற்றினேன். ஊளை நிற்கவில்லை. அடுத்த பக்கத்துப் பேரிங்கையும் மாற்றினேன். இன்னும் உற்சாகமாக ஊளையிட்டது.

இன்று பளிச்சு நேராக முதலாளியக்காவிடம் போய் நின்றார்.

"உங்க ஆளுக்குக் கை ரெண்டு, காது ரெண்டு. நடுவுலதான் ஒண்ணும் இல்ல."

அக்கா என்னைப் பார்த்தாள். "சாயங்காலத்துக்குள்ள சத்தத்தைப் பிடி. இல்லன்னா நாளைக்கு வராத."

காரைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினேன். பேரிங் பூனை மாதிரி சத்தமில்லாமல் சுற்றியது. என்ன செய்வதென்று தெரியாமல் டயர்மேல் உள்ளங்கையை ஓட்டினேன். மேடு, பள்ளம், மேடு, பள்ளம். சாணுக்கு ஒரு குழி, சுற்றிலும். அடுத்த டயரும் அப்படியே.

"டயர்தான் ஊளையிடுது அக்கா. சக்கரம் ரோட்டுல ஒட்டி ஓடாம குதிச்சுக் குதிச்சு ஓடியிருக்கு. இறங்குற இடமெல்லாம் ரப்பரைச் சுரண்டியிருக்கு."

"குதிக்காம பிடிச்சு வைக்க வேண்டியது யாரு?"

"ஷாக் அப்சார்பர். உள்ள எண்ணெய் இருக்கிற வரைக்கும்தான் அது பிடிக்கும்."

பளிச்சு சிரித்தார். "குனிஞ்சு பாரு. கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கு. ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகுதா?"

ஒழுகவில்லைதான். அதைப் பார்த்துத்தான் முன்பே ஷாக்கைச் சந்தேகப்படாமல் விட்டிருந்தேன்.

அக்கா காரை இறக்கச் சொன்னாள். முன்மூலையை அழுத்தி விட்டாள். நல்ல ஷாக் என்றால் ஒரு தடவை எழும்பி அடங்கும். இது மாமியார் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுகிற மருமகன் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. அடுத்த மூலையும் அதே ஆட்டம்.

"அண்ணே, ஒழுகாம உள்ள இருந்த எண்ணெய் எங்க போச்சு?" என்றாள் அக்கா.

பளிச்சு கழுத்தைச் சொறிந்தார். "ஒழுகுதுன்னு சொல்ல முடியாது. காலையில லேசா பிசுபிசுன்னு இருக்கும். துடைச்சிருவேன்."

"தினமுமா?"

"அழுக்கா விட முடியுமா அக்கா?"

"சாட்சியைத் தினம் துடைச்சிட்டு, திருடனைப் பிடிக்கலன்னு இவனை வையுறீங்க."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

"நீ என்ன பல்லைக் காட்டுற? டயரைத் தொட்டே பார்க்காம ரெண்டு பேரிங்."

முன்பக்க ஷாக் இரண்டையும் மாற்றினேன். டயரில் விழுந்த குழி இனி நிரம்பாது என்பதால் டயர் இரண்டையும் மாற்றச் சொன்னேன். பளிச்சு முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். சத்தமே இல்லை. பளிச்சு இறங்கினார், துணியை எடுத்தார், சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். அக்கா தொண்டையைக் கனைத்தாள். அவர் அந்தத் துணியால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, அப்ப நாளைக்கு?" என்றேன்.

"நேரத்தோட வா. அந்த ரெண்டு பேரிங்கைப் பத்தி உன்னைத் திட்ட வேண்டியது பாக்கி இருக்கு."