"போன தடவை மாதிரியே"

மத்தியானம் பன்னிரண்டுக்கு லென்ஸ் பட்டறைக்கு மெசேஜ் வந்தது. "பஸ் டிரைவருக்குக் கண்ணாடி. போன தடவை மாதிரியே. நாளைக்குக் காலையில கண் பரிசோதனை, தேறலேன்னா வேலை போயிடும்." அனுப்பியது கண்ணாடிக் கடைக்காரர். ஃபிரேம் கடைகளுக்குப் போய்வரும் காலை வண்டியிலேயே வந்து தட்டில் கிடந்தது. பவர் சீட்டைத்தான் காணோம்.

லென்ஸ் வெட்டுகிறவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன தடவையாம்! எந்தத் தடவை, ஐயா? பட்டறையின் போனை மாற்றி ஒரு வாரமாகிறது, பழைய மெசேஜ் ஒன்றுகூட இல்லை. கம்ப்யூட்டரில் தேடினாள், பழைய சீட்டுக் கட்டைக் கொட்டிக் கிளறினாள். கடைக்காரரிடம் கேட்டால் இவளுக்குத் தொழில் தெரியாது என்பார்களோ என்று கேட்காமலே இருந்த வீம்பு வேறு. இரண்டு மணிக்கு ஜனவரிச் சீட்டு ஒன்று சிக்கியது: அதே கடை, "டிரைவர்" என்று எழுதியிருந்தது.

"அதான், அதையே போட்டு வெட்டு" என்றார் முதலாளி. "நாலு மணிக்கு வண்டி."

"இதுதான்னு யார் சொன்னா? டிரைவர்னா ஊர்ல ஒருத்தர்தானா? தப்பாப் போனா அந்த மனுஷன் கதி என்ன?"

"அப்ப என்ன, இப்படியே உட்கார்ந்திருக்கப் போறியா?"

அதுவும் நியாயம்தான். போனை எடுத்து எழுதினாள்: "அண்ணே, போன தடவை அனுப்பினது எதுவும் இங்க இல்ல. என்கிட்ட இருக்கிறது ஜனவரிச் சீட்டு மட்டும், போட்டோ கீழே. இவரோடதுதானா? இல்லேன்னா புதுச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்க, ரெண்டு கண்ணோட பவர், ஆக்சிஸ் கோணம், கண்மணி ரெண்டுக்கும் இடைப்பட்ட தூரம் தெரியணும். ஃபிரேம் இருக்கு. சீட்டு வந்ததும் வெட்டிடறேன்."

பத்தே நிமிடத்தில் பதில். "ஐயையோ, அது வேற ஆள்! இவரோடத இன்னொரு பட்டறைக்கு அனுப்பிட்டு உங்களுக்கு அனுப்பினதா நினைச்சிட்டேன்." கூடவே டிரைவரிடம் வாங்கி எடுத்த புதுச் சீட்டின் போட்டோ. ஜனவரிச் சீட்டில் வலது கண் மைனஸ் ஒன்று. இதில் மைனஸ் இரண்டேகால்.

அந்த பவரில் லென்ஸ் கைவசம் இல்லாததால் பெரிய கிடங்கிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. வெட்டி, பொருத்தி, பவர் மீட்டரில் வைத்துப் பார்த்து முடிக்கையில் ஐந்தரை. வண்டி எப்போதோ போய்விட்டிருந்தது. வேறு வழியில்லாமல் அவளே டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்தாள். வழியெல்லாம் கடைக்காரரை மனதுக்குள் திட்டித் தீர்த்தாள்.

கடை பெஞ்சில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மாட்டி, எதிர்ச் சுவரின் எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"நல்லாத் தெரியுதும்மா" என்றார். "சீட்டு என் சட்டைப் பையிலேயே இருந்துச்சு. பன்னிரண்டு மணியிலிருந்து இங்கதான் உட்கார்ந்திருக்கேன். ரெண்டு மணிக்கு மேலதான் கேட்டாங்க; முன்னாடியே யாராவது கேட்டிருந்தா அப்பவே எடுத்துக் குடுத்திருப்பேனே."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். அவரைக் குறை சொல்லத் திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள். அந்தக் காத்திருப்பில் முதல் இரண்டு மணி நேரம், கேட்காமல் தேடிக்கொண்டிருந்த அவளுடையது.